பீர்க்கங்கூடு

அவர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு இரண்டு நிமிடம் நான் எதுவும் கேட்கவில்லை. வாசலிலிருந்து நாற்காலி வரை பத்தடி கூட இருக்காது. அதற்கே அவருடைய தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்குகிறவரிடம் உடனே கேள்வி கேட்டால் மரியாதைக்காகப் பதில் சொல்ல முயல்வார், அந்த முயற்சியே அவரை இன்னும் திணறடிக்கும். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். 88-இல் ஆரம்பித்து மெதுவாக 95-க்கு வந்தது. வாசலிலிருந்து நடந்ததற்கு இறங்கியது, உட்கார்ந்ததும் ஏறியது. அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே பாதி கதை எனக்குத் தெரிந்துவிட்டது.

வயது 67. லாரி பட்டறையில் நாற்பது வருடம் மெக்கானிக். பத்து வருடத்துக்கு முன்பு வரை பீடி. மூன்று வருடமாக வறட்டு இருமல், ஒன்றரை வருடமாக மூச்சிரைப்பு. (அவரை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கூட வந்திருந்த மகள் பெரிய சி.டி. உறையை மேசை மேல் வைத்தார்.

"மேடம், பக்கத்து வீட்டுத் தம்பி ரிப்போர்ட்டப் படிச்சுச் சொன்னாரு. யூஷுவல்னு போட்டிருக்காம், அதனால சாதாரண நிமோனியாதானாம். ஆனா கீழ தேன்கூடுன்னு என்னமோ போட்டிருக்குன்னாரு. ஓட்டை ஓட்டையா இருக்குமாம். அப்பாவுக்கு ஏற்கெனவே டீ.பி. மாத்திரை ஆறு மாசம் குடுத்துட்டாங்க. இன்னும் அது போகலையா?"

ரிப்போர்ட்டின் கடைசி வரி, 'யூஷுவல் இண்டர்ஸ்டிஷியல் நிமோனியா பேட்டர்ன்'. சுருக்கமாக யூ.ஐ.பி. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பெயரில் ஒவ்வொரு சொல்லும் தவறான பக்கம் கையைக் காட்டுகிறது. நிமோனியா என்றால் கிருமி, காய்ச்சல், பத்து நாள் ஊசி என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே கிருமி கிடையாது, நுரையீரலில் தழும்பு விழுவதுதான் நோய். யூஷுவல் என்பதும் 'பெரிதாக ஒன்றுமில்லை' என்ற பொருளில் வந்ததில்லை. 1969-இல் லீபோ, கேரிங்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், நுரையீரலின் இடைத்திசுவில் வரும் நோய்களை வகை பிரித்தார்கள். காற்றுப் பைகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய சுவர்தான் இடைத்திசு. அந்த வகைகளில் அதிகமாகக் கண்ணில் பட்டது எதுவோ அதற்கு 'வழக்கமானது' என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான். அந்த வழக்கமான வகை இருப்பவற்றில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று என்பது நோயாளியின் காதுக்கு எப்படித் தெரியும்?

சரி, படத்துக்கு வருகிறேன்.

எச்.ஆர்.சி.டி. என்று நாங்கள் எழுதிக் கொடுப்பது நுரையீரலை மிக மெல்லிய துண்டுகளாகப் பார்க்கும் படம். ஒவ்வொரு துண்டும் ஒன்றரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஐந்து மில்லிமீட்டர் துண்டில் பார்த்தால் சின்னச் சின்னச் சுவர்களும் குழிகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரு சாம்பல் மங்கலாகிவிடும். யூ.ஐ.பி.யை உறுதி செய்ய வேண்டிய விவரமே அந்த ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது.

எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முழு மூச்சு இழுத்துப் பிடித்து வைத்திருக்கும்போது எடுக்க வேண்டும். மூச்சு வாங்குகிறவரால் பிடிக்க முடியாது. நடுவில் விட்டுவிட்டால் படம் ஆடி, இல்லாத மங்கல் இருப்பதுபோல் தெரியும். அதனால் நல்ல டெக்னீஷியன்கள் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்ப்பார்கள். கீழிருந்து மேலாக ஸ்கேன் செய்வார்கள். அப்போதுதான் மூச்சு தெம்பாகப் பிடித்திருக்கும் முதல் சில விநாடிகளில், நமக்கு முக்கியமான அடிப்பகுதி பதிவாகிவிடும். மல்லாந்து படுக்கும்போது முதுகுப் பக்க நுரையீரல் தன் எடையிலேயே கொஞ்சம் அமுங்கும், அதுவும் ஆரம்பநிலை நோய் மாதிரியே தெரியும். குப்புறப் படுக்க வைத்து இன்னொரு வரிசை எடுத்தால், வெறும் அமுக்கம் மறைந்துவிடும். தழும்பு மறையாது. இவருக்குக் குப்புறவும் எடுத்திருந்தார்கள். மறையவில்லை.

நான் படத்தை எப்போதும் மேலிருந்து கீழே பார்ப்பேன். இவரிடம் திரையைத் திருப்பிக் காட்டியபோதும் அப்படித்தான். கழுத்துக்குக் கீழே, நுரையீரலின் உச்சி: கறுப்பு, அதில் மரக்கிளை மாதிரி ரத்தக் குழாய்கள். பீடியின் அடையாளமாக அங்கங்கே சின்ன வெற்றிடங்கள், மற்றபடி நன்றாக இருந்தது. "இது உங்க நல்ல இடம் ஐயா," என்றேன். கொஞ்சம் கீழே, இதயம் தெரிய ஆரம்பிக்கும் மட்டத்தில், நுரையீரலின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடுகள், மீன்வலையைக் கசக்கி ஒட்டியதுபோல. நடுப்பகுதி இன்னும் சுத்தம். இன்னும் கீழே, உதரவிதானத்தை ஒட்டி, முதுகுப் பக்க ஓரத்தில் அந்தக் குழிகள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு.

இந்த வரிசைதான் யூ.ஐ.பி.யின் கையெழுத்து. அடிப்பகுதியில் அதிகம், மேலே குறைவு. ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு. முற்றிய தழும்புக்குப் பக்கத்திலேயே கை படாத நல்ல நுரையீரல். மூச்சு இழுக்கும்போது அதிகம் விரிவது அடிப்பகுதிதான், அந்த இழுவையே அங்கே புண் திரும்பத் திரும்ப வரக் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

தேன்கூடு என்று சொல்ல சில நிபந்தனைகள் இருக்கின்றன. குழிகள் பெரும்பாலும் 3 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் கொத்தாக இருக்க வேண்டும், சில சமயம் அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். ஒரு குழியின் சுவரே பக்கத்துக் குழிக்கும் சுவராக இருக்கும். அந்தச் சுவர் தெளிவாக, தடிமனாகத் தெரியும். நுரையீரலின் வெளி உறையை ஒட்டியே இருக்கும். ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, பீடி சிகரெட்டால் காற்றுப் பைகள் சிதைந்து ஓரத்தில் வரும் எம்ஃபிசிமா. அதுவும் உறையை ஒட்டிய குழிதான், ஆனால் சுவர் நூலிழைபோல் மெல்லியது, ஒரே வரிசை, பெரும்பாலும் மேல்பகுதி. இரண்டாவது இன்னும் தந்திரமானது. தழும்பு சுருங்கும்போது அருகிலுள்ள மூச்சுக்குழலைச் சுற்றிலும் பிடித்து இழுத்து விரித்துவிடும். நல்ல நுரையீரலில் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் மூச்சுக்குழல் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு சன்னம். அங்கே குழல் தெரிந்தாலே யாரோ அதை இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படி விரிந்த குழல்களைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வரிசையாக ஓட்டைகள் மாதிரியே இருக்கும். ஒரு துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும். அடுத்தடுத்த துண்டுகளுக்குப் போக வேண்டும். குழல் என்றால் கிளை பிரிந்து உள்ளே மூலத்தைத் தேடிப் போகும். குழி என்றால் கொத்தாகவே நிற்கும். முன்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் படத்தைத் திருப்பிப் போட்டாலும் தெளிவாகிவிடும்.

அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டுகளே இதில் ஒத்துப்போகாத நாட்கள் உண்டு. ஒருவர் தேன்கூடு என்பார், அடுத்தவர் இழுபட்ட குழல் என்பார். முன்பெல்லாம் அந்தச் சண்டைக்கு நுரையீரலை வெட்டிப் பார்க்கும் பயாப்ஸி தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டி, தேன்கூடு இருந்தால் யூ.ஐ.பி., அது இல்லாமல் அதே இடங்களில் வலைக்கோடுகளும் இழுபட்ட குழல்களும் இருந்தால் 'யூ.ஐ.பி. ஆக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று பிரித்தது. 2022-இல் வந்த திருத்தம் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்தலாம் என்றது. மூச்சுக்குத் தவிக்கும் 67 வயதுக்காரரை மயக்க மருந்துக்கு அனுப்பாமல் இருக்க அது எனக்குப் பெரிய துணை. இவர் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. அடுக்கடுக்காக, தடித்த சுவரோடு, சந்தேகத்துக்கு இடமில்லாத தேன்கூடு.

ஆனால் யூ.ஐ.பி. என்பது ஒரு கோலம், நோயின் பெயர் கிடையாது. இதைப் பல ரிப்போர்ட்டுகள் மறக்கடித்துவிடுகின்றன. காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறிப்போகும் ஃபைப்ரோசிஸில், அதாவது ஐ.பி.எஃப்.பில், இந்தக் கோலம் வரும். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் வரும். ஆஸ்பெஸ்டாஸில் வரும். புறா எச்சம், பூஞ்சை போன்றவற்றின் ஒவ்வாமை வருடக்கணக்கில் நீடித்தாலும் கடைசியில் இதைப்போலவே ஆகலாம். 2017-இல் வெளியான இந்திய ஐ.எல்.டி., அதாவது இடைத்திசு நோய்களின் பதிவேட்டில் 1,084 நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்த ஒவ்வாமை வகைதான் இருந்தது, பலருடைய வீட்டில் ஏர்கூலர். ஐ.பி.எஃப். ஏழில் ஒருவருக்குத்தான். அதனால் நம் ஊரில் தேன்கூட்டைப் பார்த்ததும் ஐ.பி.எஃப். என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

கேள்விகளை மகளிடம் கேட்டேன், அவரைத் தலையை மட்டும் ஆட்டச் சொன்னேன். புறா வளர்ப்பு? இல்லை. கூலர்? இல்லை. காலையில் விரல் மூட்டு மடங்காமல் விறைப்பு? இல்லை. பிரேக் லைனிங் தூசி? இங்கே அவர் தலை நின்றது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் அடையாளமாக நுரையீரல் உறையில் தகடு தகடாகத் தடிப்பு இருக்கிறதா என்று மறுபடியும் படத்தைத் தேடினேன். இல்லை. அவர் வேலையும் பெரும்பாலும் இன்ஜின் பக்கம். ஒவ்வாமை வகையில் வரும், கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டான தோற்றமும் இல்லை. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அடிப்பகுதியில் வெல்க்ரோவைப் பிரிப்பதுபோல் சத்தம். விரல் நுனிகள் முரசு கொட்டும் குச்சி மாதிரி உருண்டிருந்தன. மூட்டுவாதத்துக்கான ரத்தப் பரிசோதனைகளும் பின்னால் சுத்தமாக வந்தன. ஐ.பி.எஃப்.

டீ.பி. கதை எங்கிருந்து வந்தது என்பதும் படத்திலேயே இருந்தது. நெஞ்சின் நடுவில் நெறிகட்டிகள் லேசாக வீங்கியிருந்தன. ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கு இது சகஜம். ஓரிடத்தில் யாரோ எக்ஸ்ரேயின் நிழலையும் இந்த நெறிகட்டியையும் சேர்த்துக் காசநோய் என்று முடிவு செய்துவிட்டார்கள். சளியில் ஒரு தடவை கூடக் கிருமி வந்ததில்லை. ஆறு மாதம் மாத்திரை, ஆறு மாதம் தனித் தட்டு, தனி டம்ளர். பேத்தியைத் தூக்கவே இல்லையாம். இதை மகள் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவரிடம் சொல்ல வேண்டும்.

தேன்கூடு என்ற வார்த்தையை நான் நோயாளிகளிடம் பயன்படுத்துவதை நிறுத்திப் பல வருடமாகிறது. ஒரு வயதான அம்மாவிடம் அப்படிச் சொன்ன பிறகு, அவர் சித்த மருத்துவச் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடுவதைப் பயந்து நிறுத்திவிட்டார். தேன் நுரையீரலில் போய்க் கட்டிக்கொண்டது என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். இன்னொருவர் உள்ளே பூச்சி இருக்கிறதா என்று கேட்டார். தேனடை என்றால் அறைகள் நிறைந்திருக்கும், ஏதோ வேலை நடந்துகொண்டிருக்கும். இங்கே அறைகள் வெறுமை. 'ஓட்டை' என்றாலோ நம் மக்களுக்கு டீ.பி.தான். அதனால் நான் பீர்க்கங்காய்க்கு வந்து சேர்ந்தேன்.

"ஐயா, பீர்க்கங்காய் பிஞ்சா இருக்கும்போது எப்படி இருக்கும்? அமுக்கினா அமுங்கும், விட்டா நிமிரும். உங்க நுரையீரல் மேல்பக்கம் அப்படி இருக்கு. அதே காய் கொடியிலேயே முத்திக் காஞ்சா பீர்க்கங்கூடு. நார் தடிச்சுப் போயி நடுவுல வெறும் பொந்து. உங்க நுரையீரல் அடியில அப்படி ஆயிருக்கு. அந்தப் பொந்துல காத்து போகும். ஆனா அதுல இருந்து ரத்தத்துக்கு ஒண்ணும் போகாது."

அவர் யோசித்தார். ரொம்ப நேரம். அப்புறம் மூன்று மூச்சில் கேட்டார்.

"பீர்க்கங்கூடு... தண்ணில ஊறப்போட்டா... மெதுவாயிடுமே டாக்டரம்மா?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. உண்மைதான், உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூடு நனைந்தால் மிருதுவாகிவிடும். என் உவமை அவருக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்திருந்தது, அதை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய முன்கையில் ஒரு பழைய தீத்தழும்பு இருந்தது. கேட்டேன். சைலன்சர் பட்டதாம், முப்பது வருடம் ஆச்சாம். அந்தத் தோலைத் தொட்டுக் காட்டினேன். "இது மாதிரி ஐயா. புண்ணு ஆறுச்சு, ஆனா பழைய தோலா ஆறல. இறுகி, பக்கத்துத் தோலையும் சேர்த்து இழுத்து வச்சிருக்கு. எண்ணெய் தேய்ச்சாலும் மாறாது. நுரையீரல் அடியில இருக்கிறது இந்தத் தழும்புதான். தானா போகாது, மருந்தாலயும் போகாது."

தேன்கூடு என்பது கதையின் கடைசிப் பக்கம். காற்றுப் பைகளின் உட்தோலில் திரும்பத் திரும்பச் சின்னக் காயங்கள். ஆற்றும் வேலை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நார் போட்டுக்கொண்டே போகிறது. பைகள் சுருங்கி மடிகின்றன, சின்ன மூச்சுக்குழல்கள் இழுபட்டு விரிகின்றன, எஞ்சுவது தடித்த சுவரும் வெற்றறையும். முன்பு இதை அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டும் அசதயோப்ரினும் கொடுத்தோம். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அவற்றோடு என்-அசிடைல்சிஸ்டைனும் சேர்ந்த கூட்டு மருந்து வாங்கிய பிரிவில் மரணம் அதிகமாகி, அந்தப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். அதிலிருந்து ஐ.பி.எஃப்.புக்கு அந்தக் கூட்டை யாரும் கொடுக்கக் கூடாது.

"உட்கார்ந்தா நல்லா இருக்கு. நடந்தாத்தான்," என்றார். அதற்கும் படம்தான் பதில். ஓய்வில் ஒரு ரத்தத் துளி காற்றுப் பையின் ஓரமாகக் கடக்க முக்கால் விநாடி ஆகும். சுவர் கொஞ்சம் தடித்திருந்தாலும் அந்த நேரம் ஆக்சிஜன் ஏறப் போதும். நடக்கும்போது இதயம் வேகமாக அடிக்கும், அந்த முக்கால் விநாடி கால் விநாடியை நோக்கிச் சுருங்கும். தடித்த சுவரைத் தாண்டி வருவதற்குள் ரத்தம் போய்விடும். அவரிடம் பஸ் என்று சொன்னேன்: நின்று போனால் எல்லாரும் ஏறலாம், ஓடிக்கொண்டே போனால் பாதிப் பேர் ஏற முடியாது. ஆறு நிமிட நடையில் அவருடைய 95 என்பது 84-க்கு இறங்கியது. உட்கார்ந்திருக்கும்போது மட்டும் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு 'ஆக்சிஜன் நல்லா இருக்கே' என்று அனுப்பிவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. ஊதிப் பார்க்கும் சோதனையில் எஃப்.வி.சி., அதாவது ஒரே மூச்சில் வெளியேற்றும் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 64 சதவீதம்.

நாங்கள் பெரும்பாலும் கொடுக்கும் மருந்து இரண்டு: பிர்ஃபெனிடோன், நிண்டெடனிப். இரண்டும் நார் போடும் வேகத்தைக் குறைக்கும், எஃப்.வி.சி. இறங்குவதை ஏறக்குறைய பாதியாக்கும். மூச்சிரைப்பு குறைந்ததாக உணர வைக்காது. இதை முதல் நாளே சொல்லாவிட்டால் இரண்டாம் மாதம் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடுவார்கள். பிர்ஃபெனிடோனை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், வெயிலில் தோல் எரியும், ஈரலை ரத்தப் பரிசோதனையில் கவனிக்க வேண்டும். அதையே ஆரம்பித்தேன். நடக்கும்போது ஆக்சிஜன், தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி. திடீரென்று சில நாட்களிலோ வாரங்களிலோ மூச்சு மோசமானால் காத்திராமல் வந்துவிட வேண்டும். அப்போது சி.டி.யில் பழைய தேன்கூட்டின் மேல் புதிதாக இருபுறமும் புகைபோல் மங்கல் படர்ந்திருக்கும், அது உயிருக்கு ஆபத்து.

மகள் வெளியே வந்து கேட்டதற்கும் பதில் சொன்னேன். இந்த மருந்துகள் வருவதற்கு முந்தைய கணக்கில், கண்டுபிடித்ததிலிருந்து மூன்று முதல் ஐந்து வருடம். ஆளுக்கு ஆள் நிறைய மாறும். படத்தைவிட, அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்தில் எஃப்.வி.சி. எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அவருடைய வழியைச் சொல்லும்.

கிளம்பும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இது... ஒட்டுமா?"

"ஒட்டாது ஐயா. தழும்பு யாருக்கும் ஒட்டாது. தனித் தட்டெல்லாம் வேண்டாம்."

மூன்று மாதம் கழித்து வந்தார். பசி குறைந்திருந்தது, இரண்டு கிலோ இறங்கியிருந்தார். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் மாற்றினேன். எஃப்.வி.சி. 63. மூச்சிரைப்பு அப்படியே. பேத்தியையும் கூட்டி வந்திருந்தார், ஐந்து வயது இருக்கும், அவர் மடியில் உட்கார்ந்து ஆக்சிஜன் குழாயை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். புதிதாகச் சி.டி. எடுக்கத் தேவையில்லை என்றேன். பழைய படத்தையே ஒரு தடவை திரையில் போடச் சொன்னார். அடிப்பகுதிக்கு உருட்டிக்கொண்டு போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது வேண்டாம் டாக்டரம்மா. மேல போங்க. அந்த நல்ல இடத்த... இவளுக்குக் காட்டுங்க."